கிரிமினல் அப்பீலுக்குப் பிரீஃப் எழுத: முதலில் கேள்வி, அப்புறம் சங்கதிகள்

கிரிமினல் அப்பீல் தீர்ப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுக்கு ஒரு பிரீஃப் எழுதிக்கிட்டு வாங்க", அதாவது தீர்ப்பைச் சுருக்கி ஒரு குறிப்பு எழுதி வாருங்கள் என்று சொன்னால் ஆபீசுக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். முதல் பத்தியில் ஆரம்பித்து, சம்பவம் எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யாரைக் குத்தினார், யார் ஓடிவந்து பார்த்தார், எஃப்.ஐ.ஆர். எப்போது போட்டார்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். ஒன்றரைப் பக்கம் சங்கதிகளிலேயே தீர்ந்துவிடும். அதன் கீழே "எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கொலைக் குற்றவாளியா?" என்று ஒரு கேள்வி, "ஆம். மேல்முறையீடு தள்ளுபடி" என்று ஒரு முடிவு, தீர்ப்பிலிருந்து அப்படியே எடுத்த நாலு பத்தி காரணம். இதைப் படித்தால் அந்த வழக்கில் என்ன நடந்தது என்று தெரியும், அந்தத் தீர்ப்பு எதைத் தீர்த்தது என்பது மட்டும் தெரியாது.

மேல்முறையீடுகளே அதிகம் வரும் அலுவலகத்தில் வேலை செய்வதால், நானும் நிறைய பிரீஃப் எழுதுகிறேன், ஜூனியர்கள் எழுதியதைத் திருத்தியும் தருகிறேன். அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை இங்கே சொல்கிறேன். பிரீஃபில் சங்கதிகள், கேள்வி, முடிவு, காரணம் என்ற வரிசையில் வந்தாலும் எழுதுவது அந்த வரிசையில் இல்லை. மேல்கோர்ட்டுக்கு வரும்போது என்ன சண்டை மிச்சம் இருந்தது என்று முதலில் பிடிக்க வேண்டும். எந்தச் சங்கதி வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும். அது கிடைக்காமல் சங்கதிகளில் கை வைத்தால் எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றும்.

சும்மா பொதுவாகச் சொன்னால் புரியாது என்பதால் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். விர்சா சிங் எதிர் பஞ்சாப் அரசு. உச்ச நீதிமன்றம் 1958 மார்ச் 11-ல் தந்தது, நீதிபதி விவியன் போஸ் எழுதியது. ஏ.ஐ.ஆர். 1958 எஸ்.சி. 465 என்று தேடினால் கிடைக்கும். சட்டக் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் பெயர் தெரியும், ஆனால் இதற்கு ஒழுங்கான பிரீஃப் எழுதியவர்கள் குறைவு. தீர்ப்பு சின்னதுதான். ஒரு அப்பீல் தீர்ப்பில் ஆளைத் தடுமாற வைக்கும் இடங்கள் அத்தனையும் அந்தச் சில பக்கங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

நான் முதலில் கடைசிப் பத்தியைப் படிப்பேன். இங்கே மேல்முறையீடு தள்ளுபடி. அப்புறம் முதல் பத்திக்கு வருவேன். விர்சா சிங்குக்கு இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 302-ன் கீழ் ஆயுள் தண்டனை, உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி கொடுத்திருக்கிறது, ஆனால் அந்த அனுமதி ஒரே ஒரு கேள்விக்கு மட்டும்: இவர் செய்ததாக வெளிப்படுவது என்ன குற்றம்? இந்த ஒரு வரியை அவசரத்தில் தாண்டிவிட்டால் பிரீஃப் முழுக்கத் தடம் மாறிவிடும். ஏனென்றால் குத்தியது யார், சாட்சிகளை நம்பலாமா, எஃப்.ஐ.ஆர். தாமதமா என்பதெல்லாம் இந்த வரியோடு ஆட்டத்தை விட்டு வெளியே போய்விட்டன. குத்தியது இவர்தான் என்று கீழே இரண்டு கோர்ட்டும் சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருப்பது அது கொலையா, அல்லது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமா என்பது மட்டும். முன்னது என்றால் 302, குறைந்தபட்சமே ஆயுள் தண்டனை. பின்னது என்றால் 304, தண்டனை குறைய இடமுண்டு.

அடுத்து வழக்கு வந்த பாதை. இதை நான் தனியாக மூன்று வரியில் குறித்துக்கொள்வேன், விசாரணை நீதிமன்றம் என்ன சொன்னது, உயர் நீதிமன்றம் என்ன சொன்னது, இங்கே யார் வந்திருக்கிறார் என்று. இந்த வழக்கில் விர்சா சிங்கோடு சேர்த்து இன்னும் 5 பேர் மீதும் விசாரணை நடந்தது. அந்த 5 பேரை செஷன்ஸ் நீதிமன்றம் கொலையிலிருந்து விடுவித்துவிட்டு, 149-ஐச் சேர்த்து 326, 324, 323 பிரிவுகளின் கீழ் தண்டித்தது. உயர் நீதிமன்றம் அவர்களை முழுவதுமாக விடுதலை செய்துவிட்டது. விர்சா சிங்கின் 302 மட்டும் இரண்டு இடத்திலும் நின்றது. பிரீஃபுக்கு இவ்வளவு போதும். சட்டவிரோதக் கூட்டம், பொது நோக்கம் என்று 149 பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், தீர்ப்பில் அந்த எண் வருகிறது என்பதற்காகவே. உச்ச நீதிமன்றத்தின் முன்னால் அது கேள்வியே இல்லை.

இனி கேள்வி. "எதிரி கொலைக் குற்றவாளியா?" என்பது எந்தக் கொலை வழக்குக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. நல்ல எழுவினாவை, அதாவது கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்வியை, தேட நான் நேராகப் போகும் இடம் மேல்முறையீட்டாளரின் வக்கீல் வாதம் சொல்லப்படும் பத்தி. வக்கீல் "இது இருந்தால்தான் கொலை" என்று எதைச் சொல்கிறாரோ, கோர்ட் அதற்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ எங்கே பதில் சொல்கிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எழுவினா இருக்கும். விர்சா சிங்கின் வக்கீல் சொன்னது இது: இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான ஒரு காயத்தை ஏற்படுத்த வேண்டும் என்ற உட்கருத்து இவருக்கு இருந்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, ஆகவே இது கொலை ஆகாது.

இதைப் புரிந்துகொள்ள பிரிவு 300-ன் மூன்றாவது கூறைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். சட்டப் பிரிவைப் பார்க்காமல் பிரீஃப் எழுதவே கூடாது, தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருந்தாலும் சரி. அந்தக் கூறு இரண்டு பாதியாக இருக்கிறது. ஒருவருக்கு உடற்காயம் விளைவிக்கும் உட்கருத்துடன் செயல் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது முதல் பாதி. அப்படி விளைவிக்கக் கருதிய காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாதி. உட்கருத்து முதல் பாதியோடு நிற்கிறதா, இரண்டாவது பாதி வரைக்கும் நீள்கிறதா? வழக்கே இதுதான். ஆக எழுவினாவை இப்படி எழுதலாம்: பிரிவு 300 மூன்றாவது கூறின் கீழ் கொலை என்று தீர்ப்பதற்கு, நிரூபிக்கப்பட்ட அந்தக் காயத்தை எதிரி ஏற்படுத்தக் கருதினார் என்று காட்டினால் போதுமா, அல்லது அது மரணம் விளைவிக்கப் போதுமான காயம் என்ற அளவுக்கும் அவர் கருதியிருந்தார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டுமா?

நீளமான கேள்விதான். பரவாயில்லை, நீளமாக இருக்கட்டும், அதில் சட்டப் பிரிவும் இருக்கிறது, இரண்டு பக்கமும் என்ன சொல்கிறது என்பதும் இருக்கிறது. "ஆம்" "இல்லை" என்று பதில் சொன்னதும் ஒரு சட்ட விதி கையில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் கேள்வி இன்னும் தேறவில்லை என்று அர்த்தம்.

இப்போது சங்கதிகள். 1955 ஜூலை 13 இரவு சுமார் 8 மணிக்கு ஒரே ஒரு ஈட்டிக் குத்து. இடது பக்கம் அடிவயிற்றில், 2 அங்குலத்துக்கு அரை அங்குலம் அளவில் காயம், அதன் வழியாகக் குடலின் மூன்று சுருள்கள் வெளியே வந்திருந்தன. மறுநாள் மாலை 5 மணி சுமாருக்குக் குத்துப்பட்டவர் இறந்துபோனார். இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்க அந்தக் காயம் போதுமானது என்று மருத்துவர் சாட்சி சொன்னார்.

இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஒவ்வொரு சங்கதியையும் மனதில் அழித்துப் பார்ப்பேன். இரவு 8 மணியை அழித்தால் கோர்ட் சொன்ன காரணத்தில் எதுவும் ஆடாது, ஆகவே வேண்டாம். அடையாளம் காட்டுவதில் தகராறு இருந்த வழக்காக இருந்தால் அந்த 8 மணிதான் உயிர்நாடி, இருட்டு, விளக்கு வெளிச்சம் எல்லாம் வரும். அதே சங்கதிதான், கேள்வி மாறினால் அதன் எடை மாறிவிடுகிறது. ஈட்டி, ஒரே குத்து, வயிறு, குடல் வெளியே வரும் அளவுக்கு வேகம், மருத்துவர் கருத்து ஆகிய ஐந்தில் எதை அழித்தாலும் காரணம் சரிந்துவிடும். எதிரி தரப்பில் "அங்கே குத்த நினைக்கவில்லை", "கை தவறிப் பட்டது" என்று சொல்லும் சாட்சியமோ விளக்கமோ எதுவும் இல்லை என்பதும் ஒரு சங்கதிதான். இல்லாத ஒன்று என்பதால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். முடிவோ அதன் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு வகைச் சங்கதியும் உண்டு, அப்பீல் தீர்ப்புகளுக்கே உரியது. கீழ் நீதிமன்றங்கள் கண்ட முடிவுகள். இந்த வழக்கில் செஷன்ஸ் நீதிபதி சொன்னதைக் கவனியுங்கள். இறந்தவரைக் கொல்ல வேண்டும் என்ற உட்கருத்து விர்சா சிங்குக்கு உண்மையில் இருந்ததாகத் தான் நினைக்கவில்லை, ஆனால் யோசிக்காத அசட்டுத்தனமான ஒரு செயலாக சற்று பலமாகவே குத்திவிட்டார், பெரிடோனைட்டிஸ் எனும் வயிற்று உறை அழற்சியும் சேர்ந்து மரணத்தை விரைவுபடுத்தியது, அது வந்திருக்காவிட்டால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் அல்லது இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு மூன்றாவது கூறின் கீழ் கொலை என்கிறார். உயர் நீதிமன்றமோ எல்லாம் திடீரென்று, தற்செயலான சந்திப்பில் நடந்தது என்றது. குத்தியது இவர்தான், குத்து உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை ஏற்றுக்கொண்டது.

இவை பிரீஃபில் கட்டாயம் இருக்க வேண்டும். கொல்லும் உட்கருத்து இல்லை என்று ஒரு நீதிபதி சொன்ன பிறகும் கொலை என்று நிற்கிறதே, எப்படி என்ற பதற்றம்தான் இந்த அப்பீலை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுவந்தது. அந்த வரியை விட்டுவிட்டு எழுதினால் படிக்கிறவருக்கு "வயிற்றில் ஈட்டியால் குத்தினால் கொலைதானே, இதில் என்ன கேள்வி?" என்றுதான் தோன்றும்.

எங்கள் சீனியரிடம் ஒரு பழக்கம். பிரீஃபை வாங்கிப் படித்துக்கொண்டே வருவார், ஏதாவது ஒரு வரியில் பென்சிலை வைத்து "இதைச் சொன்னது யாரு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத வரி பிரீஃபில் இருக்கவே கூடாது என்பது அவர் கட்சி. நானும் இப்போது அதையே கேட்கிறேன். ஒரு அப்பீல் தீர்ப்பில் பேசுவது ஒருவர் இல்லை. அரசுத் தரப்பு சொன்னது, எதிரி சொன்னது, விசாரணை நீதிபதி கண்டது, உயர் நீதிமன்றம் கண்டது, வக்கீல் வாதம், பழைய தீர்ப்பிலிருந்து மேற்கோள், கடைசியில் இந்தக் கோர்ட் தன் குரலில் சொல்வது, இவ்வளவும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் அச்சாகி இருக்கும். படிக்கும்போதே பக்க ஓரத்தில் வி, உ, வா, மே என்று யார் குரல் என்பதற்கு ஒரு எழுத்து போட்டுக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

விர்சா சிங் தீர்ப்பில் இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பழைய சர்தார்கான் தீர்ப்பிலிருந்து ஒரு மேற்கோள் வரும், ஒரே அடியில் மரணம் நேரும்போது எந்த அளவு காயத்தை எதிரி கருதினார் என்று உறுதியாகச் சொல்வது எப்போதுமே மிகவும் கடினம் என்ற கருத்தில். படிக்க நன்றாக இருக்கும், சட்ட விதி மாதிரியும் தோன்றும். ஒரு முறை ஒரு ஜூனியர் இதை அப்படியே 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அடுத்த வரியைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"மேற்கோள் முடிஞ்சதும் நிறுத்திட்டேன் மேடம்."

அடுத்த வரியில் நீதிபதி போஸ், அந்த நீதிபதிக்கு உரிய மரியாதையோடு சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அவர் உட்கருத்தையும் காயத்தின் கடுமையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார், பிரிவு அப்படிக் கேட்கவில்லை, இரண்டும் தனித்தனி விஷயம் என்கிறார். அதாவது கோர்ட் மேற்கோள் காட்டியது மறுப்பதற்காக. "மரியாதையோடு" என்று ஒரு தீர்ப்பில் வந்தால் அநேகமாக மறுப்பு வரப்போகிறது. எந்த மேற்கோளாக இருந்தாலும் அது முடிந்த பிறகு வரும் இரண்டு வரியைப் படிக்காமல் பிரீஃபில் சேர்க்கக் கூடாது.

சரி, காரணத்துக்கு வருவோம். எல்லோரும் எழுதுவது போஸ் சொன்ன நாலு படிகளை. உடலில் காயம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அதன் தன்மையை நிரூபிக்க வேண்டும், குறிப்பாக அந்தக் காயத்தையே ஏற்படுத்தும் உட்கருத்து இருந்தது, தற்செயலோ தவறிப்பட்டதோ வேறு வகைக் காயத்துக்கான முயற்சியோ இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அந்தக் காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது என்று நிரூபிக்க வேண்டும். முதல் இரண்டும் கடைசியும் எதிரியின் மனதைச் சாராதவை, மருத்துவச் சாட்சியத்திலிருந்து வருபவை. மூன்றாவது மட்டும்தான் மனதைப் பற்றியது. இந்த நாலையும் எழுதியே ஆக வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இவை கோர்ட் வந்துசேர்ந்த இடத்தைச் சொல்கின்றன. ஏன் அங்கே வந்தது என்பது வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த 'ஏன்' கொஞ்சம் மறைவாக, நாலு படிகளுக்கு வெளியே இருக்கிறது. வக்கீல் சொல்வது சரி என்று வைத்துக்கொள்வோம், மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் உட்கருத்தே வேண்டும் என்றால், அது கொல்லும் உட்கருத்துதான். கொல்லும் உட்கருத்து இருந்தால் பிரிவு 300-ன் முதல் கூறிலேயே கொலை முடிந்துவிடும். அப்புறம் மூன்றாவது கூறு எதற்கு? அதற்கு வேலையே இல்லாமல் போய்விடும். ஆகவே மூன்றாவது கூறில் உட்கருத்து காயத்தோடு நின்றுவிட வேண்டும், காயம் எவ்வளவு கடுமையானது என்பதை மருத்துவச் சாட்சியத்தை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த வாதம் இல்லாத விர்சா சிங் பிரீஃப்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன், இது இல்லாமல் நாலு படிகளும் வெறும் பட்டியல்தான். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் "ஏன் அப்படி?" என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. காரணத்தைத் தேடும்போது "ஏனென்றால்", "இல்லாவிட்டால்", "அப்படியானால் இந்தச் சொற்கள் தேவையற்றதாகிவிடும்" என்ற பாணியில் வரும் வாக்கியங்களில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

அதன் பிறகு விதியை இந்த வழக்கின் சங்கதிகளில் பொருத்துவது. உடலுக்குள் அவ்வளவு ஆழம் போகும் வேகத்தோடு வயிற்றில் குத்தக் கருதவில்லை என்றோ, அது வருந்தத்தக்க விபத்து என்றோ காட்டும் சாட்சியமோ நியாயமான விளக்கமோ இல்லாதபோது, ஏற்படுத்திய காயத்தை அவர் கருதவில்லை என்று முடிவு செய்வது முறையற்றது என்கிறது கோர்ட். இங்கேதான் தோற்றவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தொடையில் குத்தப் போனார், ஆள் திரும்பியதில் வயிற்றில் பட்டது என்று சாட்சியத்தில் இருந்தால் மூன்றாவது படி உடையும். எதிரி தரப்புக்கு வேலை செய்கிறவர் இந்தத் தீர்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான், பிரீஃபிலும் இதற்கு ஒரு வரி தனியாக இருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க அரசுத் தரப்பினுடையதே என்று கோர்ட் சொல்வதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள், விளக்கம் இல்லை என்பதால் பொறுப்பு எதிரி தலையில் விழுந்துவிட்டது என்று யாரும் படித்துவிடக் கூடாது.

இந்தத் தீர்ப்பில் பிரபலமான ஒரு வாக்கியம், மரணம் விளைவிக்கப் போதுமான காயங்களை ஏற்படுத்திக்கொண்டு ஓடித் திரிந்துவிட்டு நான் கொலைகாரன் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமம் இல்லை என்ற பொருளில் வரும். வாதுரையில் வாசித்தால் சபையே நிமிரும். ஆனால் முடிவு என்ற தலைப்பில் அதைப் போடாதீர்கள். அது விதியை வலுவாகச் சொல்லும் வாக்கியம், விதி அதில் இல்லை.

முடிவை எந்த அகலத்தில் எழுதுவது என்பதுதான் எனக்கு எப்போதும் அதிக நேரம் எடுக்கும் இடம். "மேல்முறையீடு தள்ளுபடி" என்பது உத்தரவு. அதைத் தனியாக எழுதிவிடுங்கள். விதியை எழுதும்போது சங்கதிகளை ரொம்ப ஒட்டிக்கொண்டால் குறுகிவிடும், ரொம்ப விலகினால் கோர்ட் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். உதாரணத்துக்கு, "உயிர்நிலையான இடத்தில் பலமாகக் குத்தினால் மூன்றாவது கூறின் கீழ் கொலை" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக் குத்து வழக்கு என்பதால் சரியாகத்தான் தெரியும். 1976-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர அரசு எதிர் ராயவரப்பு புன்னய்யா வழக்கில் விர்சா சிங்கைப் பின்பற்றியது. அங்கே கனமான தடிகளால் அடித்தது கை கால்களில்தான். உயிர்நிலையான இடம் எதுவும் இல்லை, உயர் நீதிமன்றம் அதைக் குறைத்து 304 இரண்டாம் பகுதி என்று வைத்தது. உச்ச நீதிமன்றம் மீண்டும் 302 என்று தீர்த்தது. வேண்டுமென்றே ஏற்படுத்தப்பட்ட காயங்கள் மொத்தமாக மரணம் விளைவிக்கப் போதுமானவையாக இருந்தன என்பதே போதுமானதாயிற்று. "உயிர்நிலையான இடம்" என்பதை விதிக்குள் சேர்த்து எழுதியவரின் பிரீஃப் அங்கே உதவாது. உடலின் எந்த இடம் என்பது விர்சா சிங்கில் உட்கருத்தை ஊகிக்க உதவிய சங்கதி, விதியின் உறுப்பு அல்ல.

மறுபக்கம், "ஒரே குத்தில் மரணம் நேர்ந்தால் கொலை" என்று அகலமாக எழுதுவதும் தப்பு. ஒரு குத்து என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் தீர்மானிக்காது என்பதுதான் இதிலிருந்து எடுக்கக்கூடியது. பிரிவு 300 தன் விதிவிலக்குகளுக்கு உட்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. திடீர்ச் சண்டை விதிவிலக்கு வேறு கட்டத்தில் பார்க்க வேண்டியது. உயர் நீதிமன்றம் "திடீரென்று" என்று சொன்னதை வைத்து இந்தத் தீர்ப்பு விதிவிலக்கு 4-ஐத் தீர்த்துவிட்டதாக எழுதினால் அது தீர்ப்பில் இல்லாத ஒன்று.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் எழுதும் பிரீஃப் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

வழக்கு: விர்சா சிங் எதிர் பஞ்சாப் அரசு, ஏ.ஐ.ஆர். 1958 எஸ்.சி. 465. 302-ன் கீழ் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ததை எதிர்த்து மேல்முறையீடு. சிறப்பு அனுமதி 'என்ன குற்றம்' என்ற கேள்விக்கு மட்டும்.

சங்கதிகள்: மேல்முறையீட்டாளர் ஈட்டியால் ஒரே முறை அடிவயிற்றில் குத்தினார், குடல் சுருள்கள் வெளியே வந்தன, மறுநாள் மரணம். காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது என்பது மருத்துவர் சாட்சியம். கொல்லும் உட்கருத்து இருந்ததாக நினைக்கவில்லை என்றும், பெரிடோனைட்டிஸ் மரணத்தை விரைவுபடுத்தியது என்றும் செஷன்ஸ் நீதிபதி கண்டார். சம்பவம் திடீரென்று நடந்தது என்று உயர் நீதிமன்றம் கண்டது. வேறு விதமாகக் கருதினார் என்று காட்டும் சாட்சியமோ விளக்கமோ இல்லை.

எழுவினா: பிரிவு 300 மூன்றாவது கூறுக்கு, நிரூபிக்கப்பட்ட காயத்தை ஏற்படுத்தும் உட்கருத்து போதுமா, அது மரணம் விளைவிக்கப் போதுமான காயம் என்ற அளவுக்கும் உட்கருத்து இருக்க வேண்டுமா?

முடிவு: அந்தக் காயத்தை ஏற்படுத்தும் உட்கருத்து போதும். காயம் மரணம் விளைவிக்கப் போதுமானதா என்பது எதிரியின் மனதைச் சாராமல் தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. மேல்முறையீடு தள்ளுபடி.

காரணம்: போதுமான காயத்தையே கருத வேண்டும் என்றால் அது கொல்லும் உட்கருத்தாகி முதல் கூறுக்குள் போய்விடும், மூன்றாவது கூறு தேவையற்றதாகும். ஆகவே நாலு படிகள்: காயம், அதன் தன்மை, அதே காயத்துக்கான உட்கருத்து, போதுமான தன்மை. பொறுப்பு முழுக்க அரசுத் தரப்புக்கு. விபத்து, வேறு இடத்தைக் குறிவைத்தது போன்ற விளக்கம் இருந்தால் மூன்றாவது படி உடையலாம். இங்கே அது இல்லை. சர்தார்கான் தீர்ப்பின் அணுகுமுறை ஏற்கப்படவில்லை.

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எழுதி முடித்ததும் சங்கதிகளையும் எழுவினாவையும் மட்டும் தீர்ப்பைப் படிக்காத இன்னொருவரிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் என்ன வாதாடுவார்கள் என்று கேட்டுப் பார்ப்பேன். அவரால் இரண்டு பக்கத்தையும் சொல்ல முடிந்தால் கேள்வி சரி. ஒரு பக்கம் மட்டும் வாதாட முடிகிறது என்றால் தோற்றவருக்குச் சாதகமான ஏதோ ஒரு சங்கதியை நான் விட்டிருக்கிறேன், அநேகமாகக் கீழ்க் கோர்ட் கண்டது ஒன்றாக இருக்கும்.

எல்லாக் கிரிமினல் அப்பீலும் இப்படிச் சட்டக் கேள்வியில் நிற்பதில்லை. விடுதலையை எதிர்த்து அரசு செய்யும் மேல்முறையீட்டில் சாட்சியமே திரும்ப எடை போடப்படும். அங்கே எழுவினாவும் வேறு மாதிரி வரும், விசாரணை நீதிமன்றம் எடுத்த முடிவு அந்தச் சாட்சியத்தில் எடுக்கக்கூடிய ஒன்றா இல்லையா என்று. நியாயமாக இரண்டு முடிவுக்கு வர இடமிருந்தால் விடுதலையைக் கலைக்கக் கூடாது என்று 2007-ல் சந்திரப்பா எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. அந்த வகைத் தீர்ப்புக்குச் சங்கதிகள் நீளமாகத்தான் வரும், எந்தச் சாட்சியை எந்தக் கோர்ட் ஏன் நம்பியது அல்லது நம்பவில்லை என்பதைச் சாட்சிவாரியாக எழுத வேண்டியிருக்கும், அதைச் சுருக்க முயலக் கூடாது.

கடைசியாக பிரீஃபின் அடியில் ஒரு வரி இடம் விட்டு, பிற்பாடு அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். விர்சா சிங்குக்கு அங்கே புன்னய்யா வரும், அதோடு புதிய பிரிவு எண்ணும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால் 300-க்குப் பதில் 101, 302-க்குப் பதில் 103, 304-க்குப் பதில் 105. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த சம்பவத்துக்குப் பழைய எண்களே பொருந்தும், ஆகவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.